அமைதியாகிவிட்ட மாடு

அன்று மாலை 4:30 மணிக்குத் தீவனம் வைத்தபோது சிவப்பி தொட்டியில் முகத்தை விட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது மூன்றாவது ஈற்று. சினை ஊசி போட்டு 281 நாள் ஆகியிருந்தது. மடி இரண்டு நாளாகவே இறுகி, காம்புகள் புடைத்து நின்றன. வாலடியில் இருபுறமும் குழி விழுந்து, கையை வைத்தால் தளர்ந்த தசைதான் அகப்பட்டது. இன்றிரவு கன்று போட்டுவிடுவாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சொன்னதில் தவறில்லை. அன்றிரவே அவள் ஈனத் தொடங்கினாள். ஆனால் கன்று வெளியே வரும் வழியே இல்லை என்பதை நான் தெரிந்துகொள்ள ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி நேரம் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் கத்தியிருந்தால், தரையில் புரண்டிருந்தால் அலறியடித்துக்கொண்டு மருத்துவரை அழைத்திருப்பேன். அவள் எதையும் செய்யவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடு கன்று ஈனுவதை மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் கருப்பையின் வாய் திறக்கிறது. இரண்டாவதில் கன்று வெளியே வருகிறது. மூன்றாவதில் நஞ்சுக்கொடி விழுகிறது. இந்த மூன்றில் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது இரண்டாவது கட்டம்தான். நீர்க்குடம் தெரியும், கால் தெரியும், மூக்கு தெரியும். ஏதாவது கோணலாக இருந்தால் அதுவும் தெரியும். முதல் கட்டம் அப்படியல்ல. எல்லாம் உள்ளே நடக்கிறது. வெளியே நமக்குக் கிடைப்பவை மாட்டின் நடவடிக்கைகள் மட்டுமே: தீனி எடுக்காது, மற்ற மாடுகளை விட்டு ஒதுங்கி நிற்கும், வாலைச் சற்றுத் தூக்கியே வைத்திருக்கும், படுக்கும், எழும், திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும், பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும், கண்ணாடி போன்ற கெட்டியான வழும்பு தொங்கும். பல முறை ஈன்ற மாட்டுக்கு இது இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரை நீடிக்கலாம். தலையீற்றுக் கிடேரிக்கு இன்னும் அதிகம் ஆகும்.

கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் மாடு முக்காது. கருப்பை மட்டும் சுருங்கி விரியும். வயிற்றுத் தசை அதில் சேராது. கன்றின் கால்களும் தலையும் திறந்த கருப்பை வாய் வழியாக இடுப்பெலும்புக்குள் நுழைந்து அழுத்தும்போதுதான், அந்த அழுத்தமே தூண்டிவிட, மாடு மூச்சைப் பிடித்து முக்கத் தொடங்குகிறது. நாம் ‘வலி வந்துவிட்டது’ என்று சொல்வது இந்த இடத்தைத்தான். இதை நான் முன்பே சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அன்றைய இரவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம். முக்குவதற்குக் காரணம் கன்று வழிக்குள் வந்து நிற்பது. அப்படியானால், நேரம் வந்தும் மாடு முக்கவில்லை என்றால், கன்று வழிக்குள் வரவில்லை என்று பொருள்.

சிவப்பி 6 மணிக்கெல்லாம் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். 8 மணிக்கு வழும்பு தொங்கியது. 9:30 மணிக்கு ஒரு முறை வாலைத் தூக்கி நின்று இலேசாக முக்கினாள். இதோ குடம் வரப்போகிறது என்று நான் சாக்கை விரித்தேன். ஒன்றும் வரவில்லை. 11 மணிக்கு அவள் படுத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் அசைபோடக்கூடச் செய்தாள். பார்க்க வந்த பெரியப்பா, “வலி நின்றுபோயிற்று. விடியற்காலையில்தான் போடுவாள், நீ போய்ப் படு” என்றார். அவர் என்னைவிட நாற்பது வருடம் கூடுதலாக மாடு வளர்த்தவர். எனக்கும் தூக்கம் வந்தது. தூக்கம் வருகிற நேரத்தில் நமக்கு ஆறுதலாகச் சொல்கிறவர் எல்லோரும் அனுபவசாலிகள்தான்.

இரவு 1:30 மணிக்கு எழுந்து போனபோது அவள் அப்படியே படுத்திருந்தாள். வாலிலும் தொடையிலும் மஞ்சளும் பழுப்புமாகப் பிசுபிசுப்பான ஒரு கறை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கன்று வயிற்றுக்குள் மூச்சுத் திணறும்போது தன் முதல் சாணத்தை அங்கேயே கழித்துவிடும். குடத்து நீர் அதனால் நிறம் மாறி வரும். வழும்பு தெளிவாக இருந்தால் ஓர் எல்லைவரை காத்திருக்கலாம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் கலங்கலாக, பிசுபிசுப்பாக வந்துவிட்டால் கடிகாரம் பார்ப்பதில் பயனில்லை. மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?” இரண்டாவது, “நீர்க்குடம் எப்போது உடைந்தது?” மூன்றாவது, “கால் தெரிகிறதா, எத்தனை, குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்க்கிறதா, கீழேயா?” முதல் கேள்விக்குத் தோராயமாகவும், இரண்டாவதற்குத் தெரியாது என்றும், மூன்றாவதற்கு ஒன்றுமே தெரியவில்லை என்றும் பதில் சொன்னேன். “வாலைத் தவிர வேறு எதுவும் இருக்காது போலிருக்கிறது. நீங்கள் உள்ளே கையை விடாதீர்கள், ஊசி எதுவும் போடாதீர்கள், சுடுதண்ணீர் மட்டும் தயாராக வையுங்கள்” என்றார். அவர் சொன்னது மாட்டின் வாலை அல்ல, கன்றின் வாலை. பார்க்காமலே எப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

2:15 மணிக்கு வந்தார். வால் அடியையும் பிறப்புறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, நீண்ட கையுறை அணிந்து, மசகு தடவி உள்ளே கையை விட்டார். முழங்கை தாண்டிப் போயிற்று. “வால். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு. கால் இரண்டும் வயிற்றுக்குக் கீழே மடங்கி முன்பக்கமாக நீட்டியிருக்கிறது” என்றார்.

கன்று வர வேண்டிய முறை எல்லோருக்கும் தெரியும். குளத்தில் தலைகீழாகப் பாய்கிறவன் கைகளை நீட்டி அவற்றின் மேல் தலையை வைப்பதுபோல, இரண்டு முன்னங்கால்களும் முன்னே, குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்தபடி, முழங்கால்களின் மேல் மூக்கு. சில கன்றுகள் பின்புறமாகவும் வரும். அப்போது குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்க்கும். பின்னங்கால் இரண்டும் நீட்டி வந்தால் ஈன முடியும், அபாயம் கூடுதல் என்றாலும். ஆனால் புட்டம் மட்டும் முன்னே வந்து, கால்கள் உள்ளே மடங்கிக்கொண்டால், அந்த அகலம் இடுப்பெலும்பின் வழிக்குள் நுழையாது. வாசலில் உட்கார்ந்துகொண்டு கதவை அடைத்ததுபோலத்தான். உள்ளே நுழையாததால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாததால் முக்கல் இல்லை. குடம்கூடச் சரியாக வெளியே வருவதில்லை. ஒன்பது மணி நேரமும் ஒரு காலும் தெரியவில்லை என்று நான் சொன்னதிலிருந்தே டாக்டர் இதைக் கணித்திருக்கிறார்.

“கன்றின் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்தேன், இறுக்கவில்லை” என்றார் மெதுவாக. உயிரோடு இருந்தால் இறுக்கும். தலை முன்னால் வந்த கன்று என்றால் வாயில் விரலை வைத்துப் பார்ப்பார்கள், சப்பும். குளம்பு இடுக்கில் கிள்ளினால் காலை இழுக்கும்.

பிறகு நடந்தது மாட்டைக் காப்பாற்றும் வேலை. வாலடியில் முதுகுத் தண்டின் ஓரம் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார். கை உள்ளே இருக்கும்போது மாடு முக்கினால் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும் என்பதற்காக. கன்றின் புட்டத்தை உள்ளங்கையால் மாட்டின் தலைப் பக்கமாகத் தள்ளி முதலில் இடம் உண்டாக்கினார். அந்த இடத்தில் கன்றின் ஒரு பின்னங்காலைப் பிடித்து, முழங்கால் மூட்டை மேலும் வெளியுமாகத் தூக்கி, குளம்பை நடுப்பக்கமாகக் கொண்டுவந்து வளைத்து இழுத்தார். குளம்பை முழுக்கத் தன் கைக்குள் பொத்திக்கொண்டே செய்தார். அந்தக் கூர்முனை கருப்பைச் சுவரைக் கிழித்துவிட்டால் மாடே போய்விடும். ஒரு கால் வந்த பிறகு இன்னொன்று. இதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். கால்கள் இரண்டும் வெளியே வந்த பின் கணுவுக்கு மேலே கயிறு கட்டி இழுத்தோம். சில நிமிடங்களில் கன்று வந்துவிட்டது. நல்ல வளர்ச்சி. உயிரில்லை.

கையைக் கழுவிக்கொண்டே அவர் கேட்டார், “இடையில் யாராவது வலி வருவதற்கு ஊசி போட வேண்டும் என்றார்களா?” பெரியப்பா சொல்லத்தான் செய்தார், அந்த நேரத்தில் ஊசி கிடைக்காததால் போடவில்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் அந்த ஊசியை, வழி அடைபட்டிருக்கிறதா என்று தெரியாமல் போடுவது, கதவைத் திறக்காமல் உள்ளிருப்பவர்களை வெளியே தள்ளுவதைப் போன்றது. கருப்பை கிழியலாம். அன்றிரவு எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம் அந்த ஊசி கிடைக்காததுதான்.

“இதே மாதிரி அமைதியாக இருந்து ஏமாற்றும் இன்னொன்று உண்டு” என்று அவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். கருப்பை தன் அச்சில் முறுக்கிக்கொள்வது. துணிப்பையின் கழுத்தைத் திருகினால் உள்ளே இருப்பது வெளியே வராதல்லவா, அதுவே நிலைமை. மாடு முதலில் நன்றாகவே நிலைகொள்ளாமல் தவிக்கும். வயிற்றை உதைக்கும், வாலை ஆட்டும். பிறகு மெல்ல அடங்கிவிடும். குடம் வராது. சில சமயம் பிறப்புறுப்பின் ஓர் உதடு உள்ளே இழுபட்டு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தெரியும். சில சமயம் வெளியே எதுவுமே தெரியாது, உள்ளே கைவிட்டால்தான் சுவர் சுருள் சுருளாக மடிந்திருப்பது அகப்படும். எருமைகளில் இது அதிகம். மாட்டைப் படுக்கவைத்து உருட்டிச் சரிசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தாங்களே உருட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முறுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் உருட்டினால் முறுக்கு இன்னும் இறுகும். மருத்துவரின் வேலையை மருத்துவருக்கே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாகவும் ஒரு காரணத்தைச் சொன்னார். பல ஈற்றுக் கண்ட, பால் அதிகம் கறக்கும் மாட்டுக்குக் கன்று போடும் நேரத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று குறைந்துவிடும். கருப்பைத் தசைக்கே வலுவிருக்காது. காது சில்லிட்டிருக்கும், நடை தள்ளாடும், படுத்தால் கழுத்தை வளைத்து விலாப்பக்கம் வைத்துக்கொள்ளும். அதற்கு இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். மூன்றும் வேறு வேறு நோவுகள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: நேரம் போகிறது, மாடு முக்கவில்லை. எது என்று நாம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நேரத்தைக் குறித்துவைத்து, எல்லை தாண்டினால் அழைத்தால் போதும்.

அப்போது நான் எனக்காக வைத்துக்கொண்ட எல்லை இதுதான். நிலைகொள்ளாமல் இருப்பது தொடங்கிப் பல ஈற்று மாட்டுக்கு ஆறு மணி நேரம், கிடேரிக்கு எட்டு மணி நேரம். அதற்குள் குடமோ காலோ தெரியாவிட்டால் தொலைபேசி. கிடேரிகளில் அதற்கும் மேல் போய் நல்லபடியாக ஈன்றவை உண்டு. வீணாக அழைத்துவிட்டேனோ என்ற சங்கடம் வரத்தான் செய்யும். இறந்த கன்றைப் புதைக்கக் குழி வெட்டியவனுக்கு அந்தச் சங்கடம் பெரிதாகத் தெரியாது. இன்னொன்று: தவித்துக்கொண்டிருந்த மாடு கன்று போடாமலே சாந்தமாகிவிட்டால் எல்லைவரைகூடக் காத்திருப்பதில்லை.

குடம் தெரிந்துவிட்டால் கணக்கு மாறும், மிகவும் சுருங்கும். முதலில் வருவது மெல்லிய தோலுள்ள, மஞ்சளும் பழுப்புமான தண்ணீர் போன்ற நீருடைய குடம். உடைந்தால் தண்ணீர்போலவே கொட்டும். இந்த நீரின் இயல்பான நிறமே இதுதான். கன்றின் சாணம் கலந்தது கலங்கலாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். அடுத்து வெண்மையாகப் பளபளக்கும் இன்னொரு பை. அதற்குள் குளம்புகள் தெரியும், அதன் நீர் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்புதான் கன்று நழுவி வர உதவுகிறது. அதனால் பையை நாமாகக் கிழித்துவிடக் கூடாது. இங்கிருந்து பல ஈற்று மாட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திலும், கிடேரியில் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் கன்று வெளியே வந்துவிட வேண்டும். நடுவில் மாடு ஐந்து பத்து நிமிடம் இளைப்பாறும், அது சரி. நன்றாக முக்கியும் அரை மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை என்றால் உடனே அழைக்க வேண்டும். கிடேரிக்கு ஒரு மணி நேரம்வரை பொறுக்கலாம்.

சில காட்சிகளுக்குக் கடிகாரமே வேண்டாம். ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது. இரண்டு கால் முழங்கால்வரை வந்தும் மூக்கைக் காணோம். மூக்கு இருந்தும் காலைக் காணோம். நாக்கு வெளியே தொங்கி வீங்கி நீலம் பாய்ந்திருப்பது. குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்ப்பது. கடைசியாகச் சொன்னதில் ஒரு சந்தேகம் வரும்: அது பின்னங்காலா, அல்லது மல்லாந்து கிடக்கும் கன்றின் முன்னங்காலா? காலைத் தடவிக்கொண்டே மேலே போனால் தெரியும். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால்; எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். எதுவானாலும் அழைக்க வேண்டியதுதான், ஆனால் தொலைபேசியில் இதைச் சொன்னால் மருத்துவர் எதை எடுத்துவர வேண்டும் என்று முடிவெடுக்க முடியும். பின்னங்கால் முன்னே வரும் கன்றின் இடுப்பு வெளியே வந்த பிறகு மட்டும் தாமதிக்கவே கூடாது. தொப்புள்கொடி இடுப்பெலும்பில் நசுங்கிவிடும், தலை இன்னும் உள்ளேயே இருக்கும். கன்று மூச்சிழுத்தால் போவது காற்றல்ல, நீர்.

இழுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு காலும் மூக்கும் சரியாக வந்து, மாடு முக்கும்போது கூடவே, ஒன்றிரண்டு பேரின் கை பலத்தில் வந்தால் வரட்டும். அதற்கு மேல் ஆள் கூட்டி இழுத்தால் கன்று வருவதற்கு முன் மாட்டின் இடுப்பு நரம்பு நசுங்கலாம், அவள் எழுந்து நிற்க முடியாமல் போகலாம்.

சிவப்பிக்கு நஞ்சுக்கொடி மறுநாளும் விழவில்லை. சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். சிரமப்பட்ட ஈற்றில் இப்படித் தங்கிவிடுவது வழக்கம்தான் என்று சொன்ன டாக்டர், அதைக் கையால் பிய்த்து எடுக்கவோ கல்லைக் கட்டித் தொங்கவிடவோ கூடாது என்றார். உள்ளே ஒட்டியிருக்கும் இடம் கிழிந்து சீழ் வைக்கும். காய்ச்சல் வந்தது, மருந்து கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் தானாகவே அழுகி விழுந்தது. அடுத்த சினை பிடிக்க அவள் கூடுதலாக ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சினைக்கு நான் கொட்டகைத் தூணில் ஒரு சிலேட்டை மாட்டிவிட்டேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

பகல் 1:50: தீனி எடுக்கவில்லை, வால் தூக்கல்.
3:20: வழும்பு, தெளிவு.
5:05: முதல் குடம்.
5:15: உடைந்தது.
5:25: இரண்டு குளம்பு, அடிப்பக்கம் கீழே.
5:35: மூக்கு.
5:40: முக்கல் நின்றது.
5:48: மறுபடி முக்கல்.
6:02: கிடேரிக் கன்று.

5:40க்கும் 5:48க்கும் நடுவில் தொலைபேசி என் கையில்தான் இருந்தது. பெரியப்பா பக்கத்தில் நின்று, “இளைப்பாறுகிறாள், விடு” என்றார். இந்த முறை அவர் சொன்னதுதான் சரி. ஆனாலும் எண்ணை அழுத்தி வைத்திருந்தேன், அழைக்கும் பொத்தான் மட்டும்தான் பாக்கி.

நஞ்சுக்கொடி இரவு 10:30 மணிக்கு விழுந்தது. அதையும் சிலேட்டில் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போனேன்.